டிரிப் ஆனதும் ஹீட்டரைக் கழற்றாதீர்கள்

பழைய வீட்டில், மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆகி விழுகிறது என்று அழைப்பு வந்தால், புதிதாகத் தொழில் பழகுபவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். எந்தச் சாதனத்தைப் போட்டதும் விழுந்ததோ அதுதான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுவார்கள். நியூட்ரல் கம்பி எங்கோ எர்த்தைத் தொட்டிருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் தவறாகிவிடும்.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு எங்களிடம் சேர்ந்த ஒரு தம்பிக்கு முதல் பழுதுவேலையே இப்படி அமைந்தது. செராங்கூன் கார்டன்ஸ் பக்கம், வரிசை வீடு, கட்டிப் பல பத்தாண்டுகள் ஆனது. தனியாக இருக்கும் ஒரு பாட்டி. மாலையில் குளிக்க வாட்டர் ஹீட்டரைப் போட்டால் வீடே இருண்டுவிடுகிறது என்றார்.

"ஹீட்டர் போயிருக்கும் பாட்டி, மாத்திடலாம்" என்று தம்பி ஆர்சிசிபி இருக்கும் டிபி பாக்ஸைப் பார்த்து நடந்துவிட்டான். பாட்டி, "இல்லப்பா, போன மாசம் என் பேரன் வந்து பின்னாடி..." என்று ஆரம்பித்ததை அவன் முடிக்க விடவில்லை. அந்தப் பாதி வாக்கியத்தில்தான் விடை இருந்தது. பழுது எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன்பு வீட்டில் என்ன மாறியது என்ற இரண்டையும் கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கூடாது. கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்கவும் தெரிய வேண்டும்.

பள்ளிப்பாடப்படி அவன் செய்தது சரிதான். ஒவ்வொரு சர்க்யூட்டையும் தனித்தனியே வெட்டும் எம்சிபிகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றினான், விழாமல் நின்றது. பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றினான். விளக்கு, மின்விசிறி, சமையலறை எதற்கும் விழவில்லை. ஹீட்டரைப் போட்டதும் விழுந்தது. "பாத்தீங்களாண்ணே!" என்றான்.

"சரி, ஹீட்டரை விடு. சமையலறையில் கெட்டிலைப் போடு" என்றேன். ஹீட்டரின் சுவிட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் வகை. அதை அணைத்தால் ஹீட்டர் முழுதாகவே விலகிவிடும். கெட்டில் ஓடிக் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விழுந்தது. ஹீட்டரும் கெட்டிலும் ஒரே நாளில் கெட்டிருக்குமா என்ன?

ஆர்சிசிபி கவனிப்பது ஒன்றைத்தான்: லைவில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்பது. வீடுகளில் உள்ளது 30 மில்லி ஆம்பியர் வகை, அதாவது அவ்வளவு குறைந்தாலே விழுந்துவிடும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டாலும், வீட்டில் சுமை இல்லாதபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் எதுவும் ஓடாது. சுமை ஏறினால்தான் நியூட்ரல் சற்று உயரும். எடுத்துக்காட்டாக, 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பியின் தடை 0.1 ஓம் என்றால், எர்த்தை விட நியூட்ரல் 1.3 வோல்ட் உயரும். எர்த் வழிப் பாதையின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால் 65 மில்லி ஆம்பியர் அந்தப் பக்கம் நழுவிவிடும், ஆர்சிசிபி விழும். 2 கிலோவாட் கெட்டிலுக்கு இதே கணக்கில் 43 மில்லி ஆம்பியர் வரும், அதற்கும் விழும். மின்விசிறிக்கோ ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான், அதனால் நாள் முழுதும் சுற்றும். ஆக, பெரிய சுமை எது வந்தாலும் பழி அதன் மேல் விழுகிறது. பழுது வேறெங்கோ சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.

அடுத்த பொறி இதைவிட மோசம். பல வீடுகளில் எம்சிபி லைவை மட்டுமே வெட்டும், சாதாரண விளக்கு சுவிட்சும் அப்படித்தான். பழுதுள்ள சர்க்யூட்டின் எம்சிபியை இறக்கினாலும் அதன் நியூட்ரல் டிபிக்குள் நியூட்ரல்களைப் பூட்டும் கட்டையில் மற்றவற்றோடு சேர்ந்தே இருக்கும். எர்த்தோடு அதற்குள்ள தொடர்பு அறுபடாது. "எல்லா சர்க்யூட்டையும் பார்த்துட்டேன், ஆர்சிசிபிதான் போயிடுச்சு" என்று புதிதாக ஒன்றை மாட்டுகிறவர்கள் இதனால்தான் மாட்டுகிறார்கள். புதியதும் விழும். இன்னும் சிலர் பொறுமை இழந்து ஆர்சிசிபியைத் தாண்டிக் கம்பி போட்டுவிடுவார்கள். உயிரைக் காக்க இருக்கும் ஒரே சாதனத்தை எடுத்துவிட்டு வீட்டுக்காரரிடம் காசும் வாங்குவது, என் கணக்கில், வேலை இல்லை.

பாட்டி வீட்டில் மெயின் சுவிட்சை இறக்கினோம். மின்சாரம் நின்றுவிட்டதா என்று பார்ப்பதிலும் அவசரம் ஆகாது. முதலில் மீட்டரை, மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில். மீண்டும் உயிருள்ள இடத்தில். நடுவில் மீட்டரே செத்துவிட்டால் அது காட்டும் பூஜ்யத்துக்கு என்ன மதிப்பு? டெஸ்டர் பேனாவை மட்டும் நம்புவது இன்னும் மோசம்.

அப்புறம் கட்டையிலிருந்து நியூட்ரல்களைக் கழற்றும் வேலை. தம்பி நாலைந்தை ஒரே மூச்சில் கழற்றப் போனான், கையைப் பிடித்தேன். பழைய டிபிகளில் எம்சிபியின் வரிசையும் நியூட்ரலின் வரிசையும் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் டேப்பில் எண் எழுதி ஒட்டிய பிறகே கழற்ற வேண்டும். நிறத்தையும் நம்பக் கூடாது. சிங்கப்பூரில் 2009 மார்ச்சில்தான் நிறங்கள் மாறின. அதற்கு முன் கறுப்பு நியூட்ரல், நீலம் மூன்று ஃபேஸ்களில் ஒன்று. இப்போது நீலம்தான் நியூட்ரல், கறுப்பு ஒரு ஃபேஸ். இடையிடையே புதிய கம்பி சேர்த்த வீட்டில் இரண்டும் கலந்து கிடக்கும். இந்த வீட்டிலும் அப்படித்தான் கிடந்தது.

பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டு, ஒவ்வொரு சர்க்யூட்டிலும் லைவையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, எர்த்துக்கு எதிராக 500 வோல்ட்டில் இன்சுலேஷன் சோதனை செய்தோம். சேர்த்துப் பிடிக்காவிட்டால் அந்த 500 வோல்ட், எல்இடி விளக்குகளின் டிரைவரைக் கொன்றுவிடலாம். இன்சுலேஷனின் தடை குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். மற்றவை தாராளமாகத் தாண்டின. பின்கட்டு விளக்கு சர்க்யூட் மட்டும் 0.00 காட்டியது.

"பேரன் பின்னாடி என்ன பாட்டி செஞ்சான்?" என்று தம்பியே போய்க் கேட்டான். துணி காயப்போடும் இடத்தில் பழைய விளக்கை எடுத்துவிட்டுப் புது எல்இடி மாட்டினானாம். கழற்றிப் பார்த்தால், எர்த்தோடு இணைந்த உலோகத் தகட்டின் அடியில் கறுப்பு நியூட்ரல் நசுங்கி, செம்பு தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. விளக்கு நன்றாகவே எரிந்ததால் அந்த இடத்தை யாரும் சந்தேகிக்கவில்லை.

சரிசெய்யும்போதும் நிதானம் வேண்டும். இத்தனை ஆண்டுப் பழைய இன்சுலேஷன் மொறுமொறுப்பாகிவிட்டிருக்கும், இழுத்து வளைத்தால் உள்ளேயே உதிரும். நசுங்கிய பகுதியை வெட்டி, நல்ல பகுதியில் கனெக்டர் போட்டு, மறுபடி 500 வோல்ட் சோதனை. எண்ணைப் பார்த்து நியூட்ரல்களைத் திரும்ப மாட்டியபின் ஆர்சிசிபியையும் கருவி வைத்துச் சோதித்தோம்: 30 மில்லி ஆம்பியருக்கு 300 மில்லி நொடிக்குள் விழ வேண்டும், விழுந்தது. கடைசியாக ஹீட்டர், கெட்டில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் காத்திருந்தோம்.

வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. விழுந்ததைத் திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள், டிபி மூடியைத் திறக்காதீர்கள். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ள மின்பணியாளரை அழையுங்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடாக இருந்தால் ஆர்சிசிபி இருக்கிறதா என்றே முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்ற விதிக்குக் கொடுத்த அவகாசம் 2025 ஜூலையோடு முடிந்துவிட்டது.