999 என்றால் என்ன?

ரத்த அழுத்தக் கணக்கெடுப்பு ஒன்றின் மூலக் கோப்பைச் சக ஊழியரிடம் கொடுத்தேன். 420 வரிசைகள். எனக்குச் சராசரி 127.9 வந்திருந்தது, அவருக்கு 170! "சார், ஊரே ஆஸ்பத்திரியில இருக்கணுமே" என்றார்.

தேடினால், `bp_sys` பத்தியில் 20 இடங்களில் 999. அளக்கவில்லை என்பதற்கான குறியீடு அது. எக்செலில் கையாலேயே வடிகட்டி நீக்கியிருந்தேன், எங்கும் எழுதி வைக்கவில்லை. தரவு அகராதியில் அந்தப் பத்திக்கு ஒரு வரி சேர்த்தேன்: மேல் அழுத்தம், அலகு mmHg, ஏற்கும் வரம்பு 70–250, விடுபட்டால் 999. நீக்கும் வேலையை ஸ்கிரிப்டுக்கு மாற்றினேன்.

```r
d$bp_sys[d$bp_sys == 999] <- NA
```

அப்புறமும் அவருக்கு 128.4 தான் வந்தது. காரணம், இரண்டு முறை பதிவான 8 பேர். முதலில் அழுத்தம் அதிகமாக இருந்ததால்தான் அவர்களை மறுநாள் மீண்டும் அளந்திருந்தார்கள். நான் இரண்டாவது அளவை வைத்திருந்தேன். என் குறிப்பிலோ "இரட்டைப் பதிவு நீக்கம்" என்று மட்டும் இருந்தது, எதை வைத்தேன் என்று இல்லை. இப்படித் திருத்தினேன்: "`id` ஒன்றானால் `visit_date` பிந்தையதை வை, 420 → 412."

அந்த 412 வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் அடுத்த படிக்குப் போனார். 127.9 வந்துவிட்டது.