தூசி உண்ணி ஒவ்வாமை: ஓராண்டில் நிறுத்திய என் பிழை

வேளச்சேரி வீட்டில் மெத்தையை உதறும் காலையெல்லாம் எனக்கு அடுக்குத் தும்மல்தான். தோல் குத்துப் பரிசோதனையில் தூசி உண்ணிக்கு மட்டும் தடிப்பு எழுந்ததால், அந்த உண்ணியின் புரதத்தையே சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சையை மருத்துவர் தொடங்கினார். ஊசி என்றால், கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கண்காணிப்பில் காத்திருக்க வேண்டும். ஆகவே நாவின் அடியில் 2 நிமிடம் வைத்து விழுங்கும் சொட்டு மருந்தைத் தேர்ந்தேன். முதல் இரண்டு வாரங்கள் வாய் அரித்தது, பிறகு அடங்கியது. ஐந்தாம் மாதம் மூக்கடைப்பு விலகியது.

ஓராண்டு முடிந்ததும் குணமாகிவிட்டதென்று நானே நிறுத்தினேன்; அடுத்த ஐப்பசி மழையில் தும்மல் அப்படியே திரும்பியது. மருந்தை நிறுத்திய பின்னும் பலன் நிலைக்க வேண்டுமானால் குறைந்தது 3 ஆண்டுகள் தேவை என்று மருத்துவர் சற்றுக் கடுமையாகவே விளக்கி, குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்கச் செய்தார்.