வகைக்கெழு இல்லாமல் சிறுமத்தைப் பிடிக்க 0.618

ஒரு சார்பின் சிறுமம் ஓர் இடைவெளிக்குள் இருப்பது தெரியும், ஆனால் வகைக்கெழு கிடைக்கவில்லையா? இடைவெளியின் நீளத்தை 0.618 ஆல் பெருக்கி, அந்தத் தொலைவில் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு புள்ளி குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் புள்ளியில் மதிப்பு அதிகமோ, அதற்கு அப்பாலுள்ள பகுதியை வெட்டி எறியுங்கள்.

f(x) = x² + 16/x என்பதை [1, 4] இல் பார்ப்போம். புள்ளிகள் 2.146, 2.854, மதிப்புகள் 12.06, 13.75. 2.854 க்கு வலப்புறமுள்ள பகுதியை வெட்டினால், [1, 2.854] மிஞ்சுகிறது. இப்போது 1.708 இல் மட்டும் கணக்கிட்டால் போதும்: 12.28. 2.146 இன் மதிப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதுதான் சிறியது என்பதால் இடைவெளி [1.708, 2.854]. அடுத்து 2.416 இல் 12.46, இடைவெளி [1.708, 2.416]. நான்கே கணக்கீடுகளில் நீளம் 3 இலிருந்து 0.708 ஆனது. உண்மையான சிறுமம் x = 2 இல்.

பழைய புள்ளி மறுபடி பயன்படுவதுதான் சூட்சுமம். r² = 1 − r என்பதை நிறைவு செய்யும் r = 0.618… என்ற விகிதத்தில், மிஞ்சிய புள்ளி புதிய இடைவெளியிலும் சரியாக வேண்டிய இடத்திலேயே விழுகிறது. அதனால் ஒரு சுற்றுக்கு ஒரே கணக்கீடு. ஒவ்வொரு கணக்கீடும் மணிக்கணக்கில் ஓடும்போதுதான் இதன் அருமை தெரியும்.

இடைவெளிக்குள் இரண்டு பள்ளங்கள் இருந்தால் இதை நம்பாதீர்கள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஆழம் குறைந்த பள்ளத்தில் போய் நின்றுவிடலாம். இரட்டைத் துல்லிய எண்களில், விடை 1 ஐ ஒட்டிய அளவில் இருந்தால், இடைவெளியைச் சுமார் 10⁻⁸ க்குக் கீழே சுருக்குவதும் வீண். அடிப்பகுதி அவ்வளவு தட்டையாக இருப்பதால் இரு மதிப்புகளும் ஒன்றாகவே தெரியும்.