6205-ஆ, 6305-ஆ? போட்டோவிலேயே தெரியும்

ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்து செங்கோட்டை பட்டறைகளுக்கு வாட்ஸ்அப்பில் வரும் பேரிங் போட்டோக்களில் பாதி, துருவும் கிரீஸும் மூடியவை. 6, 0, 5 தெரியும். இரண்டாவது எண் மட்டும் 2-ஆ, 3-ஆ என்று குழப்பும்.

இரண்டுக்கும் உள்துளை 25 மி.மீ.தான். (கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளை அளவு, 04-லிருந்து இந்தக் கணக்குச் சரியாக வரும்.) அதனால் ஷாஃப்டில் எதுவும் ஏறிவிடும், ஹவுசிங்கில்தான் மாட்டிக்கொள்வோம். 6205-இன் வெளிவிட்டம் 52, தடிமன் 15. 6305-க்கு 62, 17.

போட்டோ நேர் எதிரே எடுத்திருந்தால், திரையிலேயே ஸ்கேலை வைத்து வெளிவிட்டத்தையும் துளையையும் அளந்து வகுத்துப் பாருங்கள். இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்றால் 6205. இரண்டரை மடங்கை நெருங்கினால் 6305. சாய்த்து எடுத்த படத்தில் வட்டம் முட்டையாகிவிடும், அதை நம்ப வேண்டாம்.

மறுபடி போட்டோ கேட்கிறீர்களா? மண்ணெண்ணெயில் துடைத்து, எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்த்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் வருவதையும் விடாதீர்கள். 2RS என்றால் இருபுறமும் ரப்பர் மூடி, ZZ என்றால் தகடு. மாவு மில் தூசிக்கு ரப்பர்தான் தாங்கும். C3 என்பது உள்ளிடைவெளி கூடுதல் என்பதற்கான குறி. சூடாகும் மோட்டாரில் அது இல்லாததைப் போட்டால் பேரிங் இறுகிச் சீக்கிரம் போய்விடும்.