மெஷின் மணியும் மேற்செலவும்: பச்சை நிறத்தை நம்பி நான் ஏமாந்த கதை

போன வாரம் பினாங்கு பிறையில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சி ஒரு காஸ்ட் ரிப்போர்ட்டை நீட்டினார். "அண்ணே, இந்த மாசம் திறன் வேறுபாடு சாதகமா வந்திருக்கு, சரிதானே?" என்றார். நான் தொகையைக்கூடப் பார்க்கவில்லை. "உற்பத்தி எவ்வளவு குறைஞ்சது?" என்று கேட்டேன். அவருக்குக் குழப்பம். எனக்கோ பழைய எரிச்சல். பதினோரு வருடத்துக்கு முன் இதே தவறை நான் செய்து, அதற்கு ஒரு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறேன்.

மாறும் மேற்செலவின் திறன் வேறுபாடு என்பது மெஷின் மணி மிச்சமானதா, வீணானதா என்று ரிங்கிட்டில் காட்டும் எண். அதில் கூட்டல் கழித்தல் பிழைகளைப் பற்றி எழுதப்போவதில்லை. அவை தாமாகவே மாட்டிக்கொள்ளும். கணக்கு சரியாக நின்றுகொண்டே பொய் சொல்லும் இடங்கள்தான் ஆபத்து.

பட்ஜெட் மணியை ஸ்டாண்டர்ட் மணி என்று நினைப்பது

எங்கள் வேலை பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங். ஒரு மூடி வகைக்கு இரண்டு மெஷின்கள், ஒவ்வொன்றிலும் நான்கு கேவிட்டி மோல்டு, அதாவது ஒரே ஷாட்டில் நான்கு மூடி வரும் அச்சு. ஒரு ஷாட்டுக்கு 36 விநாடி. ஆக ஒரு மணிக்கு 100 ஷாட், 400 மூடி. ஆயிரம் மூடிக்கு 2.5 மெஷின் மணி என்பது எங்கள் ஸ்டாண்டர்ட். மின்சாரம், ஹைட்ராலிக் எண்ணெய், ஸ்பிரே போன்ற மாறும் மேற்செலவுக்கு ஒரு மெஷின் மணிக்கு 18 ரிங்கிட் என்று வைத்திருந்தோம்.

அந்த மாதம் பட்ஜெட் 4,80,000 மூடி. அதற்கு 1,200 மணி, 21,600 ரிங்கிட். நடந்தது வேறு. ஆர்டர் குறைந்து 4,00,000 மூடிதான் போட்டோம். மெஷின் ஓடியது 1,080 மணி. மாறும் மேற்செலவு 20,520 ரிங்கிட்.

நான் செய்தது இதுதான்: பட்ஜெட்டில் 1,200 மணி, ஓடியது 1,080, 120 மணி மிச்சம். 18-ஆல் பெருக்கினால் 2,160 ரிங்கிட் சாதகம். பச்சை நிறம் போட்டு அனுப்பிவிட்டேன். கூட்டத்தில் பிரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கைதட்டல் கிடைத்தது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அந்த 120 மணி மிச்சமானதல்ல. மூடி குறைவாகப் போட்டதால் ஓடாத மணி அது. மெஷினே ஓடாமல் நின்றிருந்தால் என் கணக்கு 21,600 ரிங்கிட் திறமை என்று காட்டியிருக்கும்!

கேட்க வேண்டிய கேள்வி வேறு: போட்ட 4,00,000 மூடிக்கு எத்தனை மணி ஆகியிருக்க வேண்டும்? ஆயிரத்துக்கு 2.5 வீதம் 1,000 மணி. ஆனது 1,080. அதிகமான 80 மணியை 18-ஆல் பெருக்கினால் 1,440 ரிங்கிட் பாதகம். சாதகம் 2,160 என்று நான் சொன்ன இடத்தில் உண்மை பாதகம் 1,440. குறியே தலைகீழ்.

அந்த 80 மணி எங்கே போனது என்பதை எனக்குச் சொன்னவர் மோல்டு டெக்னீசியன் அண்ணன். அடுத்த மாதம் கடைசியில், கேன்டீனில் தே தாரேக் ஆற்றிக்கொண்டே கேட்டார்: "தம்பி, ரெண்டாம் நம்பர் மெஷின்ல ஒரு கேவிட்டிய அடைச்சு ஒன்றரை மாசமாச்சு. உன் ரிப்போர்ட்ல பச்சை கலராமே?"

நோசில் ஹீட்டர் ஒன்று எரிந்து, அந்தக் கேவிட்டிக்குப் பிளாஸ்டிக் போகவில்லை. அதை மட்டும் அடைத்துவிட்டு மூன்று கேவிட்டியில் ஓட்டியிருக்கிறார்கள். மெஷின் நிற்கவில்லை, ஷாட்டும் அதே 36 விநாடி. மணிக்கு 400 மூடிக்குப் பதில் 300. முதல் மாதம் அப்படி ஓடியது 320 மணி. விடுபட்டது 32,000 மூடி. மணிக்கு 400 என்று வகுத்தால் சரியாக 80 மணி. அன்று சாயந்திரம் லாக் புத்தகத்தில் இதைக் கூட்டிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் கலங்கியது.

ஹீட்டர் வாங்குவதற்கான படிவம் ஸ்டோரிலேயே கிடந்திருக்கிறது. "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு, அவசரம் இல்லை" என்று யாரோ தள்ளிவைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் ஆர்டர் பழைய அளவுக்கு ஏறியது. மூன்று கேவிட்டியோடு சமாளிக்க முடியாமல் ஞாயிறுதோறும் ஓவர்டைம். ஒரு ஹீட்டரின் விலையைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள்.

எக்செலில் இந்தத் தவறு எங்கே ஒளிந்திருக்கும் என்றும் காட்டிவிடுகிறேன். `D6` ஓடிய மணி, `D7` நல்ல மூடி எண்ணிக்கை. முதல் வரி நான் எழுதியது, இரண்டாவது இருந்திருக்க வேண்டியது:

```
=(Budget!C9-D6)*18
=(D7*2.5/1000-D6)*18
```

திறன் வேறுபாட்டுச் சூத்திரத்தில் பட்ஜெட் தாளின் பெயர் இருந்தாலே சந்தேகப்படுங்கள். இன்னொரு அடையாளம்: உற்பத்தி குறையும் மாதமெல்லாம் திறன் சாதகமாகவும், கூடும் மாதமெல்லாம் பாதகமாகவும் வந்தால், உங்கள் கணக்கு அளப்பது ஆர்டர் புத்தகத்தை, மெஷினை அல்ல. தங்கச்சியின் ஃபைலில் ஐந்து மாதம் அப்படியே ஏறி இறங்கியிருந்தது.

திறன் வேறுபாட்டை மேற்செலவின் சிக்கனம் என்று படிப்பது

பெயரே குழப்புகிறது. "மேற்செலவுத் திறன்" என்றதும் எண்ணெயை, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவு செய்தார்களா என்று தேடப் போகிறார்கள். அந்த 1,440 ரிங்கிட்டுக்கும் எண்ணெய் டப்பாவுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. அது 80 மெஷின் மணியின் விலை, அவ்வளவுதான். விசாரிக்க வேண்டிய ஆள் மோல்டு டெக்னீசியன். எண்ணெய் வீணானதா என்பது அடுத்த வேறுபாட்டில் வரும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. மணி கூடினால் செலவும் அதே விகிதத்தில் கூடும் என்ற அனுமானத்தில்தான் 18 ரிங்கிட் நிற்கிறது. மூன்று கேவிட்டியில் ஓடும்போது ஒரு மணியில் உருகும் பிளாஸ்டிக் குறைவு, அதை உருக்கும் மின்சாரமும் கொஞ்சம் குறைவு. அதனால் 1,440 என்பது கையிலிருந்து போன காசின் துல்லியமான கணக்கு அல்ல. எங்கே தேட வேண்டும் என்று காட்டும் எண், தேடிக் கண்டுபிடித்தது அல்ல.

செலவு வேறுபாட்டை விலை வேறுபாடு என்று படிப்பது

ஓடிய 1,080 மணிக்கு 18 வீதம் 19,440 வந்திருக்க வேண்டும். வந்தது 20,520. எனவே செலவு வேறுபாடு 1,080 ரிங்கிட் பாதகம். (மணியும் 1,080, ரிங்கிட்டும் 1,080. தற்செயல்தான், ஆனால் அதைப் பார்த்து ஒரு மணி நேரம் பயந்தேன்.) இங்கே ஒப்பிட வேண்டியது ஓடிய மணியோடு. ஸ்டாண்டர்ட் மணியோடு ஒப்பிட்டால் திறன் பங்கு இரண்டு முறை ஏறிவிடும்.

மூலப்பொருளுக்கு விலை வேறுபாடு என்றால் கிலோ விலை ஏறிற்று என்று அர்த்தம். மேற்செலவில் அப்படி இல்லை. எண்ணெய் விலை ஏறினாலும் இதில்தான் வரும், விலை மாறாமல் ஹோஸ் கசிந்து இரட்டிப்பு எண்ணெய் ஊற்றினாலும் இதில்தான் வரும். "சப்ளையர் விலையை ஏத்திட்டான்" என்று எழுதுவதற்கு முன் ஸ்டோர் புத்தகத்தில் எத்தனை லிட்டர் போயிருக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் விஷயத்தில் எண்ணெயும் இல்லை, விலையும் இல்லை. தெனாகாவின் மின்சார பில். தொழிற்சாலை பில்லில் யூனிட்டுக்கு ஒரு கட்டணம், அது போக உச்ச இழுப்புக்கு ஒரு கட்டணம். அந்த மாதத்தின் எந்த அரை மணி நேரத்தில் அதிகமாக இழுத்தோமோ, அந்தக் கிலோவாட்டை வைத்து இரண்டாவதைப் போட்டிருந்தார்கள். நீண்ட விடுமுறைக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை காலை, எல்லா மெஷின் ஹீட்டரையும் ஒரே நேரத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த அரை மணிக்காக எங்கள் பிரிவின் பங்கில் கூடியது 860 ரிங்கிட். அதன் பிறகு மெஷின் 500 மணி ஓடினாலும் 1,500 மணி ஓடினாலும் அந்தத் தொகை மாறாது.

அப்படியானால் அது மாறும் மேற்செலவே அல்ல. அதையும் சேர்த்து மணிக்கு இவ்வளவு என்று வகுத்ததால், மணி குறைந்த மாதமெல்லாம் செலவு வேறுபாடு பாதகமாக வந்துகொண்டிருந்தது. பில்லை இரண்டாகப் பிரித்து, யூனிட் கட்டணத்தை மட்டும் இந்தக் கணக்கில் வைத்தோம். ரேட்டையும் அதற்கேற்பக் குறைத்தோம். ரேட்டைக் குறைக்காமல் பில்லை மட்டும் பிரித்தால் ஒவ்வொரு மாதமும் பொய்யான சாதகம் வரும். நான் ஒரு மாதம் அதையும் செய்தேன்.

லேபர் மணியை எடுத்துப் போடுவது

கூலித் திறன் வேறுபாட்டின் சூத்திரமும் இதே உருவம்தான் என்பதால், அந்த வரியைக் காப்பி செய்கிறார்கள். எங்களிடம் ஒரு ஆள் இரண்டு மெஷினைப் பார்க்கிறார். 1,080 மெஷின் மணிக்கு லேபர் மணி 540. அதை 1,000-லிருந்து கழித்து 8,280 ரிங்கிட் சாதகம் என்று ஒருவர் கொண்டுவந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

ரிஜெக்ட்டையும் உற்பத்தியில் சேர்ப்பது

கூடாது. வழக்கமான ரிஜெக்ட்டுக்கு இடம் வேண்டுமென்றால் அதை 2.5-க்குள் முதலிலேயே வையுங்கள்.

கூட்டிப் பார்க்காமல் அனுப்புவது

1,440 + 1,080 = 2,520. 1,000 ஸ்டாண்டர்ட் மணிக்கு 18 வீதம் 18,000; 20,520 − 18,000 = 2,520. அரை நிமிட வேலை. ஆனால் இந்தக் கூட்டல் மணிமீட்டர் தவறைப் பிடிக்காது.

மணிமீட்டரை அப்படியே நம்புவது

மெஷினில் இருக்கும் மீட்டர் மோட்டார் ஓடும் மணியை எண்ணும். மோல்டு மாற்றும்போது, நிறம் மாற்றப் பழைய பிளாஸ்டிக்கைக் கழிக்கும்போதும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். எங்கள் 2.5-இல் அந்த நேரம் கிடையாது. சிறு சிறு ஆர்டராக வந்து மோல்டை அடிக்கடி மாற்றும் மாதத்தில், ஒருவரும் மெதுவாக வேலை செய்யாமலேயே திறன் பாதகமாக வரும். நாங்கள் இப்போது லாக் புத்தகத்திலிருந்து மாற்றும் நேரத்தைத் தனி வரியில் எடுத்துவிட்டு, மீதி மணியைத்தான் `D6`-இல் போடுகிறோம். தங்கச்சியின் ஃபைலில் அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது. டெக்னீசியன் அண்ணனிடம் லாக் புத்தகம் வாங்கப் போயிருக்கிறார்.