துக்கம் சுமப்பவரை ஒரு நிமிட வீடியோவில் காட்டுவது எப்படி

நவம்பர் கடைசி வாரம் வந்தால் நம் குமரி மாவட்டத்தில் ஒக்கி புயல் வீடியோக்கள் சுற்றத் தொடங்கும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி குமரிக் கடலில் அந்தப் புயல் எழுந்தபோது, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போயிருந்த எத்தனையோ படகுகள் ஆழ்கடலில் இருந்தன. திரும்பாதவர்களைப் பற்றி இன்று வரும் வீடியோக்களில் பல ஒரே மாதிரி தொடங்குகின்றன: அழும் முகம், சோக இசை, "கடைசி வரை பாருங்க" என்று ஒரு வரி. அந்த முகத்துக்கு உரிய பெண் இன்னும் அதே கடற்கரை ஊரில்தான் இருக்கிறார். அவருடைய மகளின் போனுக்கும் அந்த வீடியோ வரும்.

வேறு விதமாகவும் எடுக்கலாம். தூத்தூர் பக்கம் ஒரு அக்காவுடன் நான் எடுத்த வீடியோவை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கொச்சியிலிருந்து தங்கலுக்குப் போன படகில் அவருடைய கணவர் இருந்தார். உடல் கிடைக்கவில்லை.

முதல் படி: கேமரா இல்லாமல் போய்க் கேளுங்கள்

முதல் சந்திப்பில் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். தெரிந்த ஒருவர், அன்பியத்துக்காரரோ உறவினரோ, கூட வந்தால் நல்லது. ஆனால் சம்மதம் கேட்கும் நேரத்தில் அவர் சற்று விலகி இருக்கட்டும். நாலு பேர் முன்னால் கேட்டால் நம் ஊரில் யாரும் "வேண்டாம்" என்று சொல்லமாட்டார்கள்.

மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். பேசலாமா? முகம் காட்டலாமா? எல்லோரும் பார்க்கும்படி போடலாமா? ஒன்றுக்குச் சரி என்பவர் மற்றொன்றுக்குத் தயங்குவார். அந்த அக்கா பேசவும் போடவும் ஒப்புக்கொண்டார். முகத்தைக் காட்டுவது பற்றி மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே யாருக்கும் அப்பாவைப் பற்றித் தெரியாது, அப்படியே இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால் கைகளை மட்டும் எடுப்பது என்று முடிவானது. துக்கம் ஒருவருடையது மட்டும் இல்லை. மாமியார், பிள்ளைகள், அண்ணன் தம்பி என்று யாரையெல்லாம் அந்த வீடியோ தொடும் என்பதை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எடுக்கும் நாளையும் அவரே முடிவு செய்யட்டும். நினைவு நாளை ஒட்டி எடுக்காதீர்கள். அந்த வாரத்தில் வீட்டில் நினைவுத் திருப்பலி இருக்கும், உறவுக்காரர்கள் இருப்பார்கள், அவரும் தாங்கமாட்டார். நாங்கள் அக்டோபரில் எடுத்தோம்.

இரண்டாவது படி: என்ன கேட்பது

"அந்த நாள் என்ன நடந்தது?" என்று தொடங்கவே தொடங்காதீர்கள். புயலுக்குப் பிந்தைய வாரங்களில் வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அதற்கு அவரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் ஒன்று இருக்கும். குரல் தட்டையாகி, வாக்கியங்கள் மனப்பாடம்போல் வந்தால், பழைய பேட்டியைத் திரும்பச் சொல்கிறார் என்று அர்த்தம். அந்த இடத்தில் பேச்சை மாற்றுங்கள்.

நான் கேட்டது, "அண்ணன் கரைக்கு வந்தா முதல்ல என்ன செய்வாரு?" அவர் உடனே சொன்னார்: "குளிச்சிட்டு நேரே அடுக்களைக்குத்தான் வருவாரு. நான் வைக்க புளிமுளத்துல தேங்கா நல்லா அரையலன்னு குறை சொல்லுவாரு. படகுல அவருதான் சமையல், அந்தப் பெருமை." வீடியோ அங்கேயே கிடைத்துவிட்டது. அவர் மீன் புளிமுளம் வைக்கும்போது பேசுவது என்று ஆனது. கையில் வேலை இருந்தால் கேமரா இருப்பதை மறந்து இயல்பாகப் பேசுவார்கள், பேச முடியாதபோது வேலையில் பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் வழி இருக்கும்.

அழுதால் என்ன செய்வது? போனை மடியில் கவிழ்த்து வையுங்கள். பதிவை நிறுத்தியது அவருக்குத் தெரியவேண்டும். முகத்தை நோக்கி ஜூம் செய்வதை என்றைக்கும் செய்யாதீர்கள். தண்ணீர் குடித்து அவரே பேச்சைத் தொடங்கினால், "இப்ப எடுக்கட்டுமா, நாளைக்கு வரட்டுமா?" என்று கேளுங்கள். நாளைக்கு என்றால் கிளம்பிவிடுங்கள்.

மூன்றாவது படி: எடுப்பது

போனை நிமிர்த்திப் பிடித்து, 1080க்கு 1920 அளவில் எடுங்கள். அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்காருங்கள். மேலிருந்து பார்க்கும் கோணம் ஒருவரைப் பாவப்பட்டவராகக் காட்டிவிடும். கடற்கரையில் வைத்துப் பேசவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். காற்று குரலைத் தின்றுவிடும் என்பது ஒரு பக்கம். கணவரைக் கொண்டுபோன கடலுக்கு முன்னால் அவரை நிறுத்துவது நம் காட்சிக்காகத்தான், அவருக்காக இல்லை என்பது இன்னொரு பக்கம். வீட்டுக்குள், சட்டையில் மாட்டும் சிறு மைக்குடன் எடுங்கள். கடைசியில் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்ட அது உதவும். சோக இசையும் தேவைப்படாது.

நான்காவது படி: முதல் மூன்று விநாடி

மற்ற எல்லாப் படிகளையும்விட இங்கேதான் அதிக நேரம் செலவிடவேண்டும்.

ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் வீடியோ தானாக ஓடத் தொடங்கிவிடும். பார்ப்பவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, சமையலும் கிரிக்கெட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் விரலைத் தள்ளியதும் நம் வீடியோ முன்னால் நிற்கிறது. அவரே அந்தப் புயலில் தம்பியை இழந்தவராக இருக்கலாம். அதனால் முதல் மூன்று விநாடிக்கு இரண்டு வேலை. இது எதைப் பற்றியது என்று நேராகச் சொல்லவேண்டும், வேண்டாதவர் தள்ளிவிட்டுப் போக இடம் கொடுக்கவேண்டும். அதே நேரம் மற்றவர் நிற்பதற்கு உண்மையான ஒரு காரணமும் வேண்டும்.

எங்கள் வீடியோவுக்கு மூன்று தொடக்கங்கள் கைவசம் இருந்தன. முதலாவது, அவர் குரல் உடையும் இடம். கூட எடிட் செய்த தம்பி அதைத்தான் வைக்கச் சொன்னான், நிச்சயம் நிற்பார்கள் என்றான். நிற்பார்கள்தான். ஆனால் அழுகையை எதிர்பார்த்து நின்றவருக்கு அடுத்து வரும் மீன் குழம்பு சப்பென்று ஆகிவிடும். பாதியில் போய்விடுவார், அவர் எடுத்துக்கொண்டு போவது அந்த அழுகையை மட்டும்தான். இரண்டாவது, "அந்தப் படகு திரும்பவே இல்லை…" என்று பாதியில் நிறுத்தும் வரி. ஒருவருடைய இழப்பை விடுகதையாக்கும் வேலை அது. மூன்றாவதை வைத்தோம்: அம்மியில் தேங்காய் அரைக்கும் கை, மேலே எழுத்தில் "ஒக்கி புயலில் திரும்பாத கணவர் சொல்லிக்கொடுத்த மீன் புளிமுளம்". அக்காவின் குரல்: "தேங்கா நல்லா அரையணும்னு சொல்லுவாரு." எதையும் ஒளிக்கவில்லை. பார்க்க ஒரு காரணமும் இருக்கிறது.

எழுத்தில் நாம் "இறந்த கணவர்" என்று போடவில்லை என்பதைக் கவனியுங்கள். உடல் கிடைக்காத வீடுகளில் சிலர் இன்றும் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதுங்கள்.

ஐந்தாவது படி: கோர்ப்பது

எங்களுடையது 70 விநாடி. முதல் 4 விநாடி மேலே சொன்ன தொடக்கம். அடுத்த 20 விநாடி கணவர் அடுக்களைக்கு வந்து குறை சொல்லும் கதை. அதில் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்கும். பிறகு 15 விநாடி, கொச்சியிலிருந்து அவர் போனில் கடைசியாகப் பேசியது, படகு திரும்பாதது. சொன்னதைச் சொன்னபடி, இசை இல்லாமல், நிழற்படம் இல்லாமல். மீதி நேரம், இப்போது அக்கா யாருக்குச் சமைக்கிறார், மகளுக்கு இந்தக் கைப்பக்குவம் வந்ததா என்பது.

இழப்பை நடுவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த வீடியோக்கள் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். இழப்பில் முடித்தால் பார்ப்பவரை அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தள்ளுவோம். நடுவில் வைத்தால் அவர் அதைத் தாண்டி வெளியே வருவார்.

2017-இன் செய்திக் காட்சிகளை எடுத்து ஒட்டாதீர்கள். அவற்றில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் இருக்கும், அவரிடம் நீங்கள் கேட்கவில்லை.

ஆறாவது படி: காட்டி, வெட்டி, அப்புறம் போடுவது

முடிந்ததை அவருக்கு முதலில் காட்டுங்கள், அவருடைய வீட்டில், அவருடைய போனில். "நல்லாருக்கா?" என்று கேட்டால் நல்லாயிருக்கு என்றுதான் வரும். "எதை எடுக்கணும்?" என்று கேளுங்கள். அக்கா கடன் பற்றி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார், அதை எடுக்கச் சொன்னார். எடுத்தோம். காரணம் கேட்கவில்லை.

போடும்போது அட்டைப்படமாக அம்மியைத்தான் வைத்தோம். இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் ரீமிக்ஸ் செய்வதையும் தரவிறக்குவதையும் நிறுத்தும் வசதி இருக்கிறது, இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த 15 விநாடியை மட்டும் வெட்டிச் சோகப் பாட்டுடன் யாராவது போடுவார்கள். திரையைப் பதிவு செய்து திருடுபவரை இது தடுக்காது, ஆனால் எளிதான வழியை அடைக்கும்.

முதல் இரண்டு நாள் கமெண்டுகளின் பக்கத்திலேயே இருங்கள். நம் பகுதியில் கட்டாயம் வரும் ஒரு கேள்வி உண்டு: "எத்தனை லட்சம் கிடைச்சுது?" லட்சம், நிவாரணம், பணம் போன்ற சொற்களை முன்கூட்டியே வடிகட்டியில் போட்டு வையுங்கள். கவனிக்க ஆள் இல்லையென்றால் கமெண்டை மூடிவிடுங்கள்.

நோயாளியை எடுப்பதாக இருந்தால்

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி பொருந்தும், சம்மதம் மட்டும் வேறு மாதிரி. ஆசாரிப்பள்ளத்திலோ திருவனந்தபுரத்திலோ சிகிச்சை நடக்கும்போது ஒருவர் இன்று சொன்ன சரி, அடுத்த கீமோவுக்குப் பிறகு மாறலாம். எடுக்கும் அன்றும் போடும் அன்றும் மறுபடி கேளுங்கள். மயக்கத்திலோ வலியிலோ இருப்பவரிடம் வாங்கிய சம்மதம் சம்மதம் ஆகாது, பிள்ளைகள் ஒப்புக்கொண்டாலும்கூட. ஓ.பி. சீட்டு, மணிக்கட்டுப் பட்டை, பக்கத்துக் கட்டில் எதுவும் திரையில் வரக்கூடாது. முடி இருந்த படத்தையும் முடி கொட்டிய படத்தையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். பண உதவி கேட்கும் வீடியோ என்றால் கியூஆர் குறியீட்டை வீடியோவுக்குள் பதிக்கவேண்டாம். அதைத் திருடி வேறு குறியீடு ஒட்டிச் சுற்றவிடுவது நடக்கிற விஷயம். கணக்கு விவரத்தைப் பதிவின் எழுத்தில் மட்டும் போட்டு, தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

கடைசியாக, "எப்ப வேணும்னாலும் எடுத்திரச் சொல்லலாம், ஏன்னு கேக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் எண் அவரிடம் இருக்கட்டும், மகளிடமும் இருக்கட்டும். வீடியோவை வாட்ஸ்அப்பில் டாகுமெண்டாக அனுப்பினால் தரம் குறையாமல் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். வெட்டாத முழுப் பேச்சும் வேண்டுமென்றால் அதையும் பென்டிரைவில் கொடுங்கள். அவர் சிரித்த இடங்கள் அதில்தான் நிறைய இருக்கும்.