சட்ட, கணக்கியல் அலுவலகத்துக்குப் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில், காலி வீதிக்குப் பக்கத்தில் இரண்டு கணக்காளர்கள் சேர்ந்து அலுவலகம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சு. பாஸ்கரன், மற்றவர் ந. ஞானசேகரம். முதல் நாள் தாளில் எழுதிப் பார்க்கும் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘பிரைம் டாக்ஸ் சொலூஷன்ஸ்’, ‘இன்டெக்ரிட்டி கன்சல்டன்ட்ஸ்’, ‘பி.ஜி. அசோஷியேட்ஸ்’. மூன்றிலும் குறை ஒன்றுதான். பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரியவில்லை.

கணக்காளரிடம் வருபவர் வங்கிக் கூற்றையும் வரிக் கோவையையும் தூக்கிக் கொடுக்கிறார். சட்டத்தரணியிடம் வருபவர் காணி உறுதியின் மூலப்பிரதியையே ஒப்படைக்கிறார். நாளை பிழை வந்தால் யாரைக் கேட்பது என்பதுதான் இருவர் மனதிலும் இருக்கும் கேள்வி. கொழும்பின் பழைய சட்ட அலுவலகங்கள் ஆட்களின் பெயரில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்: 1841இல் தொடங்கிய எஃப். ஜே. அன்ட் ஜி. டி சேரம், ஜூலியஸ் அன்ட் கிரீசி, நம்மவரிடையே முருகேசு அன்ட் நீலகண்டன். ஆகவே சொந்தப் பெயரிலிருந்து தொடங்குங்கள். அதை விட்டு விலக நல்ல காரணம் இருந்தால் மட்டும் விலகுங்கள்.

நேர்மை, நம்பிக்கை, வெற்றி, முதன்மை போன்ற குணச்சொற்களைப் பெயரில் வைப்பது அடுத்த தவறு. இவற்றை எவரும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் எவரையும் அடையாளம் காட்டுவதில்லை. சட்டத்தரணிக்கு இதில் ஆபத்தும் உண்டு. 1988ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற ஒழுக்க விதிகள் சட்டத்தரணி தன்னை விளம்பரப்படுத்துவதையும் ஆள்பிடிப்பதையும் தடுக்கின்றன. தற்புகழ்ச்சிபோலத் தோன்றும் பெயர் அந்த விதிகளை உரசக்கூடும். ‘ட்ரஸ்ட்’ என்ற சொல்லைச் சட்ட அலுவலகம் தொடவே கூடாது. அது சட்டத்தில் தனியான ஓர் ஏற்பாட்டின் பெயர், கட்சிக்காரர் குழம்புவார். ‘லீகல் எய்ட்’ என்று வைத்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளை என்று நினைத்து இலவச உதவி தேடி வருவார்கள். அரசோடு தொடர்பு இருப்பதுபோலத் தோன்றும் பெயரைக் கம்பனிக்கு வைக்க 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி அமைச்சரின் சம்மதம் வேண்டும். பதிவாளர் அந்தப் பெயரைத் திருப்பி அனுப்பினால் தாமதம் உங்களுக்குத்தான்.

முதலெழுத்துப் பெயர்களை விட்டுவிடலாம். ‘பி.ஜி.’, ‘கே.எஸ்.பி.’, ‘எஸ்.கே.பி.’ என்று ஏற்கெனவே கொழும்பில் நிறைய இருக்கின்றன. புதியவரால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து நினைவில் வைக்க முடியாது.

இனி பாஸ்கரனும் ஞானசேகரமும் தங்கள் பெயர்களையே வைக்க முடிவுசெய்கிறார்கள். கொழும்பில் பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். பெயர் மூன்று மொழிகளில் பலகையில் ஏறவேண்டும், மூன்று மொழிக்காரரும் தொலைபேசியில் கேட்டு எழுதவேண்டும். தமிழில் ஒரே ‘ப’தான். ஆங்கிலத்தில் பாஸ்கரன் `Baskaran`, `Bhaskaran`, `Paskaran` என மூன்றாகப் பிரிகிறார். சிங்களத்திலும் இரண்டு எழுத்துகளில் எதைப் போடுவது என்ற கேள்வி வரும். ஞானசேகரம் இன்னும் சிக்கல்: `Gnanasegaram`, `Gnanasekaram`, `Gnanasekeram`. சிங்களக் காதுக்கு அது ‘குணசேகர’ என்றும் கேட்கும். வாடிக்கையாளர் ஓர் எழுத்தை மாற்றி மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால் மடல் திரும்பிவரும், அல்லது வேறொருவருக்குப் போகும். கணக்கு விவரம் அந்நியர் கையில் கிடைப்பது சின்ன விடயமல்ல.

வாடிக்கையாளர்கள் ஞானசேகரத்தை ‘ஞானம் அண்ணை’ என்றே அழைக்கிறார்கள் என்றால், அந்தச் சுருக்கமே நல்ல பெயர். விறைப்பும் குறையும், எழுத்தும் குறையும். ஆனால் ‘பாஸ்கரன் ஞானம்’ என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறொரு தவறு நடக்கும். தகப்பன் பெயரும் மகன் பெயரும் சேர்ந்த ஒரே ஆள் என்றுதான் தமிழர் வாசிப்பார். இரண்டு பேர் என்பது தெரிய நடுவில் இணைப்புச் சொல் வேண்டும். ‘ஞானம் அன்ட் பாஸ்கரன்’ என்று சிறிய பெயரை முன்னால் வைத்தால் சொல்லவும் எளிது.

வழமையாகத் தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். டி சேரம் குடும்பத்தில் அடுத்த தலைமுறையும் டி சேரம்தான். பாஸ்கரனின் மகள் பிற்காலத்தில் அலுவலகத்தில் சேர்ந்தால், தகப்பன் பெயர் அவளுக்கு முதலெழுத்தாக மட்டுமே இருக்கும். ஆகவே ‘அன்ட் சன்ஸ்’, ‘அன்ட் ஃபமிலி’ போன்ற வால்கள் நம்மிடம் ஒட்டாது. நிறுவியவரின் பெயரே நிலைக்கட்டும்.

வால்சொற்களில் இன்னொரு கவனம். ‘அசோஷியேட்ஸ்’ என்றதும் உள்ளே பலர் இருப்பதாக வாடிக்கையாளர் நினைப்பார். தனியாளாக இருந்தால் அதைப் போடாதீர்கள். ‘பார்ட்னர்ஸ்’ என்றால் உண்மையில் பங்காளர் இருக்கவேண்டும். தொழிலை விளக்கும் வேலையைப் பெயரில் ஏற்றாமல் பெயருக்குக் கீழே ஒரு வரியில் கொடுங்கள்: ‘கணக்கு, வரி, கணக்காய்வு’. ‘பட்டயக் கணக்காளர்கள்’ என்று எழுதுவதானால் இருவருமே இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் அங்கத்தவர்களாக இருக்கவேண்டும். ஒருவர் மட்டும் அங்கத்தவர் என்றால் அவர் பெயருக்கு எதிரே மட்டும் போடுங்கள். பட்டங்களை வரிசையாக அடுக்கிய பலகைதான் பார்ப்பவருக்கு விறைப்பாகத் தெரிகிறது.

பெயரை உறுதிசெய்யுமுன் ஒரு சோதனை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் பேசும் ஐந்து பேரைத் தொலைபேசியில் அழைத்து, பெயரை ஒரே ஒருமுறை சொல்லி, கேட்டபடி வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இருவர் ஒரே இடத்தில் பிழைவிட்டால் சிக்கல் அந்த எழுத்தில் இருக்கிறது. பெயரை மாற்ற முடியாவிட்டால் அந்தப் பிழையான எழுத்திலும் இணைய முகவரி ஒன்றை வாங்கி, சரியான முகவரிக்குத் திருப்பி விடுங்கள். இணைய முகவரியில் `&` வராது என்பதால் `gnanambaskaran` போலச் சேர்த்து எழுதவேண்டிவரும். சேர்த்து வாசிக்கும்போது வேறு சொல் தோன்றுகிறதா என்றும் பாருங்கள்.

பெயர் வேறொருவரிடம் இருக்கிறதா என்று தேடுவதில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கம்பனிப் பதிவாளரின் `eroc.drc.gov.lk` தளத்தில் தேடி ஒன்றும் இல்லையென்றதும் பலகைக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தளம் கம்பனிகளைத்தான் காட்டும். தனியாள், பங்குடைமை அலுவலகங்களின் வியாபாரப் பெயர்கள் வேறு பதிவேட்டில் இருக்கின்றன. அதைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கவேண்டும். ஞானமும் பாஸ்கரனும் தேடவேண்டிய முதல் இடம் அந்தப் பதிவேடு. 1918ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டப்படி, சுருக்கப் பெயரில் தொழில் நடத்தும் அவர்கள் அந்தப் பெயரைப் பதியவும் வேண்டும்.

பதியும்போது `&` என்றா ‘and’ என்றா என்று ஒருமுறை முடிவெடுத்து, பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, விலைப்பட்டியல் எல்லாவற்றிலும் அதையே போடுங்கள். சான்றிதழில் உள்ள பெயரில்தான் வங்கி கணக்குத் திறக்கும். வாடிக்கையாளரோ விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் காசோலை எழுதுவார். இரண்டும் பொருந்தாவிட்டால் காசோலையை மாற்றப்போகும்போது கேள்வி வரும். பலகைக்கும் கடிதத்தாளுக்கும் கடைசியில் சொல்லுங்கள், சான்றிதழ் கைக்கு வந்த பிறகு.